‘அன்பு இல்லம்’ வேண்டாம், ‘சேஃப் நெஸ்ட்’டும் வேண்டாம்

கேள்வி: கோவை பீளமேட்டில் எங்கள் பழைய வீட்டை இடித்து மூன்று மாடியாகக் கட்டியிருக்கிறோம். கல்லூரி மாணவிகளுக்கு விடுதி தொடங்கப் போகிறோம், 36 பேர் தங்கலாம். ஈரோடு, தாராபுரம், உடுமலைப் பக்கத்துப் பிள்ளைகள்தான் அதிகம் வருவார்கள், பாலக்காட்டிலிருந்தும் கேட்கிறார்கள். மறைந்த என் அம்மா பெயரில் ‘அன்னபூரணி லேடீஸ் ஹாஸ்டல்’ என்று வைக்க எனக்கு ஆசை. மனைவி ‘அன்பு இல்லம்’ என்கிறார். மகன் ‘சேஃப் நெஸ்ட்’ என்கிறான். பழைய வீட்டில் மிஞ்சியது வாசல் புங்கமரம் மட்டும்தான். பெற்றோர் நம்பி விட வேண்டும், பிள்ளைகளுக்கும் பிடிக்க வேண்டும். எந்தப் பெயர் சரி? ஜூனில் திறக்கிறோம்.

பதில்: பெற்றோரையும் பிள்ளைகளையும் ஒரே சொல்லில் திருப்திப்படுத்தப் பார்ப்பதால்தான் உங்கள் வீட்டில் மூன்று பேர் மூன்று பெயரோடு நிற்கிறீர்கள். வேலையை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். ஒரு அப்பா உங்கள் விடுதியின் பெயரைச் சொல்லப்போவது மொத்தத்தில் சில தடவைதான்: விசாரிக்கும்போது, பார்க்க வரும்போது, பணம் கட்டும்போது, பிறகு சொந்தக்காரர்கள் கேட்கும்போது. அந்தப் பிள்ளையோ மூன்று நான்கு வருடம் தினமும் சொல்லப் போகிறது. ஆட்டோக்காரரிடம், சாப்பாடு கொண்டு வருபவரிடம், “நீ எங்க தங்கியிருக்க?” என்று கேட்கும் வகுப்புத் தோழியிடம். ஆகவே பெயரைப் பிள்ளைகள் வாயில் உட்காரும்படி வையுங்கள். பெற்றோருக்கு வேண்டிய தகவலை அதன் கீழே வரும் இரண்டாவது வரியில் சொல்லுங்கள். ‘மாணவியர் விடுதி, பீளமேடு’ என்பது போன்ற அந்த வரிக்குக் கற்பனையே தேவையில்லை, தெளிவாக இருந்தால் போதும்.

இனி உங்கள் மூன்று பெயர்கள்.

‘அன்பு இல்லம்’ கேட்க இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டு சொற்களும் ஏற்கெனவே வேறு இடத்துக்குப் போய்விட்டன. முதியோர் இல்லம், குழந்தைகள் இல்லம், கருணை இல்லம் என்று கேட்டுக் கேட்டு, ‘இல்லம்’ என்பதற்கு முன்னால் அன்பு, கருணை, அடைக்கலம் போன்ற சொல் வந்தாலே ஆதரவற்றோர் நினைவுதான் வருகிறது. மாதாமாதம் முழுக் கட்டணம் கட்டித் தங்கும் பெண் “நான் அன்பு இல்லத்துல இருக்கேன்” என்று வகுப்பில் சொல்லத் தயங்குவாள். முதல் வாரத்திலேயே அவளாக வேறு பெயர் வைத்துவிடுவாள், பெரும்பாலும் தெருப் பெயரையோ உங்கள் பெயரையோ. இன்னொன்று, நீங்கள் உரிமம் வாங்க வேண்டிய சட்டத்தின் பெயரே ‘தமிழ்நாடு மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்கள் ஒழுங்குபடுத்தும் சட்டம், 2014’ என்ற பொருளில்தான் இருக்கிறது. அதாவது சட்டத்தின் தலைப்பிலேயே விடுதி வேறு, இல்லம் வேறு. விடுதிக்கு உரிமம் கேட்கும் விண்ணப்பத்தில் ‘இல்லம்’ என்று பெயர் எழுதி, பார்க்கிற அலுவலரெல்லாம் விளக்கம் கேட்கும்படி ஏன் செய்ய வேண்டும்?

‘சேஃப் நெஸ்ட்’ விஷயத்தில் உங்கள் மகனின் நோக்கம் நல்லது, விளைவுதான் நேரெதிர். பாதுகாப்பு என்ற சொல் கண்ணில் பட்டதும் ஒரு தாய்க்கு முதலில் எழுவது “எதிலிருந்து?” என்ற கேள்வி. நல்ல ஓட்டல் எதுவும் ‘கெடாத சாப்பாடு’ என்று பலகை வைப்பதில்லை. தவிர, இந்தப் பெயர் ஒரு வாக்குறுதியைக் கழுத்தில் மாட்டிக்கொள்கிறது. ஒரு நாள் மாடியில் காயப்போட்ட துணி காணாமல் போனால்கூட, அன்றைக்கு ராத்திரி அறைக்கு அறை அந்த ‘சேஃப்’தான் கிண்டலுக்கு ஆளாகும். ‘செக்யூர்’, ‘கார்டியன்’, ‘கோட்டை’ எல்லாவற்றுக்கும் இதே கதிதான். கோட்டை என்று வைத்தால் பிள்ளைகள் அதை ஜெயில் ஆக்க ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

‘அன்னபூரணி’தான் சொல்லக் கொஞ்சம் சங்கடமான விஷயம், அம்மாவின் பெயர் என்பதால். பெயர் நல்ல பெயர். ஊர்தான் இடிக்கிறது. கோவையில் அன்னபூர்ணா என்றால் ஓட்டல். “அன்னபூரணிக்குப் போங்க” என்று உங்கள் மாணவி சொன்னால், ஆட்டோ எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கே தெரியும். பெற்றோர் போனில் தேடினாலும் முதலில் சாம்பார் படம்தான் வரும். சட்ட ரீதியாகவும் கவனம் வேண்டும். வணிகச் சின்னப் பதிவில் உணவு தரும் சேவையும் தற்காலிகத் தங்குமிடச் சேவையும் 43 என்ற ஒரே வகுப்பில்தான் வருகின்றன. “அது ஓட்டல், எங்களுடையது ஹாஸ்டல்” என்று சொல்லித் தப்பிப்பது, இரண்டும் வேறு வேறு வகுப்பில் இருந்தால் எவ்வளவு சுலபமோ அவ்வளவு சுலபமாக இங்கே இருக்காது.

அதற்காக அம்மா பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. விடுதிக்குள் சாப்பாட்டுக்கூடத்தின் கதவுக்கு மேல் அந்தப் பெயரை எழுதுங்கள், முடிந்தால் அம்மாவின் படத்தோடு. சோறு போடும் இடத்துக்கு அன்னபூரணியை விடப் பொருத்தமான பெயர் கிடையாது. “அன்னபூரணில இன்னிக்கு என்ன?” என்று பிள்ளைகள் தாங்களாகவே கேட்கத் தொடங்குவார்கள். வெளியே ஊர்ப் பெயரோடு மோதும் அதே சொல், உள்ளே வீட்டுப் பெயராகிவிடும்.

சரி, வாசலுக்கு என்ன பெயர்? கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ‘புங்கமரம் மட்டும்தான்’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான். ‘புங்கமரத்து வீடு’.

இதை அழகுக்காகச் சொல்லவில்லை. விடுதிக்கு வைக்கும் பெயர், அங்கே போய் நின்றால் கண்ணால் பார்க்கக் கூடியதாக இருந்தால் அதன் பாதி வேலை முடிந்துவிடும். ஆட்டோக்காரருக்கு அடையாளம். முதல் தடவை வரும் அப்பாவுக்கு, ‘போனில் சொன்ன மாதிரியே இருக்கிறது’ என்ற சின்னத் தெம்பு. சொன்ன சொல்லும் கண்ட காட்சியும் ஒத்துப்போவது, பாதுகாப்பு என்று பத்து தடவை எழுதுவதைவிட அதிகம் வேலை செய்யும். பிள்ளைகளுக்கு, ஊர் பெருமை பேசாத, வெட்கப்பட ஒன்றுமில்லாத ஒரு சொல். ‘வீடு’ என்பது ‘இல்லம்’ போலத் தர்ம ஸ்தாபன வாடை அடிக்காது. “வீட்டுக்கு வந்துட்டேன்” என்று அவர்கள் அம்மாவுக்குச் செய்தி அனுப்பும்போது தானாகவே பொருந்திக்கொள்ளும். பாலக்காட்டுக் குடும்பங்களுக்கும் வீடு வீடுதான், புங்கும் தெரிந்த மரம்தான்.

இதில் ஒரு நிபந்தனை உண்டு. மரம் உங்கள் மதில் சுவருக்கு உள்ளே இருக்க வேண்டும். சாலையோரத்து மாநகராட்சி மரம் என்றால் சாலை அகலப்படுத்தும்போதோ மின்கம்பிக்காகவோ வெட்டப்படலாம். பிறகு மரமில்லாத புங்கமரத்து வீடு என்று ஒவ்வொருவருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான். வெளியே இருக்கும் மரமாக இருந்தால், இந்த ஆடி மாதத்திலேயே உள்ளே ஒரு கன்று வைத்துவிடுங்கள். புங்கன் வேகமாக வளரும்.

இதே முறையில் நீங்கள் வேறு பெயரும் யோசிக்கலாம், மரமே வேண்டும் என்றில்லை. ஆனால் நான்கு பக்கம் போகாதீர்கள். பக்கத்துக் கல்லூரியின் பெயரையோ அதன் சுருக்கத்தையோ பெயரில் சேர்க்காதீர்கள். கல்லூரியே நடத்துகிறது என்று பெற்றோர் நினைப்பார்கள், உண்மை தெரிந்த அன்று மற்றதையும் சந்தேகிப்பார்கள். கல்லூரிக்கு எவ்வளவு தூரம் என்பதை விளம்பரத்தில் தகவலாகச் சொல்வதில் தவறில்லை. ஆற்றுப் பெயர்கள் அழகானவைதான், ஆனால் கல்வி நிறுவனங்களின் சொந்த விடுதிகளுக்கு அவை ஏராளமாக வைக்கப்பட்டிருக்கின்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் காவேரி, நர்மதா, தாமிரபரணி, சரயு என்று விடுதி வரிசையே ஆறுகளாக ஓடுகிறது. ‘தோழி’ என்ற பெயர் பலருக்குத் தோன்றும். பணிபுரியும் மகளிருக்காகத் தமிழக அரசு நடத்தும் விடுதிகளின் பெயர் அது, ஆகவே நமக்கு இல்லை. அந்தப் பெயரில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது: அது காவலைப் பற்றிப் பேசவில்லை, கூட இருப்பதைப் பற்றிப் பேசுகிறது. நான்காவது, சாதியைக் காட்டும் பின்னொட்டு. அரசு நடத்தும் மாணவர் விடுதிகளே 2025-இல் ‘சமூக நீதி விடுதிகள்’ என்று பொதுப்பெயருக்கு மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டது. ஒரு தனியார் விடுதி சாதிப் பெயரைத் தூக்கி வாசலில் மாட்டினால் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் படியேறும் முன்பே அந்நியமாகிவிடுவார்கள். சாமி பெயரைப் பற்றிக் கேட்டால், தப்பில்லை, ஆனால் அதே தெருவில் அதே சாமி இன்னும் இரண்டு விடுதியில் இருப்பார். அவர்களுடைய மோசமான விமர்சனத்தை உங்கள் கணக்கில் படிப்பார்கள்.

எந்தப் பெயரானாலும், முடிவு செய்யுமுன் மூன்று சோதனை செய்துவிடுங்கள். ஒரு வாரம் போதும், செலவு இல்லை.

முதலாவது, போன் சோதனை. உங்கள் விஷயம் தெரியாத பத்துப் பேரைக் கூப்பிடுங்கள். அதில் நான்கைந்து பேர் கல்லூரி வயதுப் பெண்களாகவும், மற்றவர்கள் வெளியூர்ப் பெற்றோராகவும் இருக்கட்டும். பெயரை ஒரே ஒரு தடவை, இரண்டாவது வரி இல்லாமல், சாதாரண வேகத்தில் சொல்லுங்கள். காதில் விழுந்ததை ஆங்கில எழுத்தில் டைப் செய்து அனுப்பச் சொல்லுங்கள். ‘புங்கை’ என்று சுருக்கமாக வைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றலாம். இந்தச் சோதனையில் அது ‘பூங்கா’வாகவும் ‘கங்கை’யாகவும் திரும்பி வர வாய்ப்பு அதிகம். ‘புங்கமரத்து வீடு’ நீளம்தான், ஆனால் தப்பாகக் கேட்க இடமில்லை. ஆங்கிலத்தில் Pungamarathu Veedu என்று எழுதுவீர்கள், சிலர் Veedu-வை Vidu என்று அடிப்பார்கள், பரவாயில்லை, முன்பாதியே தேடிக் கொடுத்துவிடும். இதே இடத்தில் ‘யாழ்’, ‘மகிழ்’ போன்ற பெயர்களை வைத்துப் பாருங்கள்: ழ-வுக்கு zh, l, z என்று ஆளுக்கொரு எழுத்து வரும். எண்கணிதம் பார்த்து நடுவில் ஒரு ‘a’ கூட்டிப் போடச் சொன்னால் அதைப் பூஜையறையோடு வைத்துக்கொள்ளுங்கள். கூடுதல் எழுத்து இருந்தால் தேடுகிறவர்களுக்குக் கிடைக்காது.

அதே பத்துப் பேரிடம் இரண்டாவது கேள்வி: “இது என்ன மாதிரி இடம்னு நினைக்கிறீங்க?” இங்கே ‘புங்கமரத்து வீடு’க்கு ‘தெரியல’, ‘யார் வீடோ’, ‘சாப்பாட்டுக் கடையா?’ என்று பதில் வந்தால் பயப்படாதீர்கள், அதைச் சரிசெய்யத்தான் இரண்டாவது வரி. ஆசிரமம், லாட்ஜ், மண்டபம் என்று மூன்று பேராவது சொன்னால் மட்டும் அந்தப் பெயரைக் கைவிடுங்கள். தெரியாத பெயருக்கு அர்த்தம் கொடுக்கலாம், தப்பான அர்த்தம் ஒட்டிய பெயரைக் கழுவ முடியாது.

மூன்றாவது, சுருக்கிப் பார்ப்பது. பிள்ளைகள் எந்தப் பெயரையும் முழுதாகச் சொல்லப் போவதில்லை. கல்லூரிப் பெண்கள் இரண்டு பேரிடம் “இதை எப்படிக் கூப்பிடுவீங்க?” என்று கேட்டுவிடுங்கள். ‘மரத்து வீடு’ என்றோ ‘பி.எம்.வி.’ என்றோ வரலாம், இரண்டும் நல்லதுதான். முதலெழுத்துகள் சேர்ந்து கெட்ட வார்த்தையோ நோயின் பெயரோ ஆகிறதா என்பதை இந்த வயதுப் பிள்ளைகள்தான் ஒரு நொடியில் கண்டுபிடிப்பார்கள், நமக்குத் தெரியாது.

இதோடு வரைபடத்தில் மூன்று நான்கு கிலோமீட்டர் சுற்றளவுக்கு அதே பெயரோ ஒத்த ஒலியோ உள்ள விடுதி, ஓட்டல் இருக்கிறதா என்று தேடுங்கள். ipindia.gov.in தளத்தின் பொதுத் தேடலில் 43-ஆம் வகுப்பில், எழுத்துப்படியும் ஒலிப்படியும் இரண்டு முறை பாருங்கள். ஒரே விடுதிக்கு வணிகச் சின்னப் பதிவு கட்டாயமில்லை. இன்னொரு கிளை எண்ணம் இருந்தால் செய்துவிடலாம், தனிநபர் இணையவழி விண்ணப்பத்துக்குக் கட்டணம் 4,500 ரூபாய்.

இப்போது இரண்டாவது வரி. ‘ஹாஸ்டல்’, ‘பி.ஜி.’, ‘விடுதி’ மூன்றும் ஒன்றல்ல. தாராபுரத்துப் பெற்றோருக்கு ஹாஸ்டல் என்றால் வார்டன் உண்டு, கேட் பூட்டும் நேரம் உண்டு, சாப்பாடு உண்டு. பி.ஜி. என்றால் வேலைக்குப் போகிறவர்கள் தங்குமிடம், கேட்பார் இல்லை என்று ஒரு எண்ணம். ‘தங்கும் விடுதி’ என்று எழுதினால் லாட்ஜ். ஆகவே தமிழில் ‘மாணவியர் விடுதி’ என்றே எழுதுங்கள், ஆங்கில வரியில் எல்லோரும் தேடும் சொல்லான Ladies Hostel போதும். வேலைக்குப் போகும் பெண்களையும் சேர்ப்பதாக இருந்தால் ‘மகளிர் விடுதி’. சேர்க்காமல் அப்படி எழுதினால் பெற்றோர் அதைத்தான் முதலில் கேட்பார்கள். பி.ஜி. என்று பெயர் வைத்துக்கொண்டால் உரிமம் வேண்டாம் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இருப்பார்கள், நம்பாதீர்கள். மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டிய கடமை பெயர்ப்பலகையைப் பார்த்து மாறுவதில்லை.

பெயரை விண்ணப்பத்துக்கு முன்பே முடிவு செய்யச் சொல்வது இதனால்தான். கட்டட உறுதிச் சான்று, தீயணைப்பு, சுகாதாரம், சமையலறைக்கான உணவுப் பாதுகாப்புப் பதிவு என்று ஒவ்வொரு தாளிலும் பெயர் வரும். ஒன்றில் ‘அன்னபூரணி லேடீஸ் ஹாஸ்டல்’, இன்னொன்றில் ‘புங்கமரத்து வீடு’ என்று இருந்தால் கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகராது. உரிமம் கையில் வந்ததும் அதன் எண்ணை இரண்டாவது வரியின் கீழே சிறிதாக எழுதுங்கள். ‘சேஃப்’ செய்ய வேண்டும் என்று உங்கள் மகன் நினைத்த வேலையை அந்த எண்தான் செய்யும். பெற்றோர் அதைச் சரிபார்க்கலாம், அடைமொழியைச் சரிபார்க்க முடியாது.

பெயர் பெரும்பாலும் சறுக்குவது இன்னொரு இடத்தில், பணம் கட்டும் இடத்தில். அப்பா வந்து பார்த்தார், மரம் பிடித்தது, சாப்பாடு பிடித்தது, முன்பணம் அனுப்ப போனை எடுத்து உங்கள் எண்ணை அடிக்கிறார். திரையில் ‘புங்கமரத்து வீடு’ வரவில்லை. உங்கள் பெயர்கூட இல்லை, கணக்கு மகன் பேரில் இருப்பதால் யாரோ ஒரு பையன் பெயர் வருகிறது. அந்த இடத்தில் விரல் நிற்கும். “இது யாருங்க?” என்று கேட்பார். கேட்காமல் “நாளைக்கு அனுப்புறேன்” என்று கிளம்புகிறவர்தான் அதிகம். விடுதியின் பெயரிலேயே நடப்புக் கணக்கு திறந்து, அதற்கான க்யூஆர் அட்டையை அலுவலக மேசையில் வையுங்கள். தனிநபர் நடத்தும் நிறுவனத்துக்குக் கணக்கு திறக்க, பொதுவாக நிறுவனத்தின் பெயர் அச்சான இரண்டு ஆவணங்கள் கேட்பார்கள். சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவை ஆதார் எண்ணைக் கொண்டு இணையத்தில் இலவசமாகச் செய்துகொள்ளலாம், இன்னொன்று உங்கள் உரிமமோ உணவுப் பதிவோ. ரசீதுப் புத்தகம், வார்டனின் வாட்ஸ்அப் பெயர், வரைபடப் பெயர் எல்லாம் ஒரு எழுத்து மாறாமல் இதே பெயரில் இருக்கட்டும். வரைபடத்தில் ‘பெஸ்ட்’, ‘நம்பர் ஒன்’, கல்லூரிப் பெயர் எல்லாவற்றையும் ஒட்டி நீட்டாதீர்கள். பலகையில் இல்லாததைச் சேர்ப்பது கூகுளின் விதிக்கு எதிரானது, பதிவையே முடக்கிவிடுவார்கள்.

பலகை செய்யும்போது தமிழ் முதலில், பெரிதாக. தமிழுக்கு 5, ஆங்கிலத்துக்கு 3, பிற மொழி இருந்தால் 2 என்பது இங்கே கேட்கப்படும் விகிதம். தமிழ் எழுத்து 10 அங்குல உயரம் என்றால் ஆங்கிலம் 6 அங்குலம். அந்த உயரத்தைப் ‘புங்கமரத்து வீடு’க்குக் கொடுங்கள். ‘மாணவியர் விடுதி’ 3 அங்குலத்தில் இருந்தால் வாசலுக்கு வருகிறவர் படிக்கலாம், தெருமுனையிலிருந்து படிக்க முடியாது. அப்படி இருப்பதுதான் நல்லது. இரவில் ஒளிரும் பெரிய ‘லேடீஸ் ஹாஸ்டல்’ பலகை பெற்றோரை விட வேறு ஆட்களைத்தான் அதிகம் இழுக்கும், எதிர் டீக்கடையில் வண்டிகள் கூடும். மாணவிகளுக்கும் அந்தப் பலகைக்குக் கீழே இறங்கி நடப்பது பிடிக்காது. விளக்கு போட வேண்டுமென்றால் மரத்துக்குப் போடுங்கள்.

அறைகளுக்கும் பூப்பெயர் வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ‘இரண்டாவது மாடி, 204’ என்பதுதான் காவலருக்கும் ஆம்புலன்ஸுக்கும் புரியும், ‘செண்பகம்’ எந்தப் பக்கம் என்று யாருக்கும் தெரியாது.